மூணு மார்க்கு எங்கே போகுது? கிரேஸ் மார்க்கும் மாடரேஷனும், ஒரு கணக்குப் பாடம்

ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட் வர்றதுக்கு முந்தைய ராத்திரியும் நம்ம ஹாஸ்டல் வாட்ஸ்ஆப் குரூப்புல ஒரு மெசேஜ் தவறாம வரும். "இந்த தடவை எல்லாருக்கும் அஞ்சு மார்க் கிரேஸ் போடுறாங்களாம், கன்ஃபர்ம்டு." யார் கன்ஃபர்ம் பண்ணாங்கன்னு யாருக்கும் தெரியாது. ரிசல்ட் வந்தப்புறம் அதே குரூப்புல இன்னொரு சண்டை நடக்கும். "அவனுக்கு என்னைவிட கம்மி மார்க், அவன் பாஸ், நான் அரியரா?"

போன தடவை ஒரு ஜூனியர் தம்பி ரூமுக்கே வந்துட்டான். "அண்ணா, யுனிவர்சிட்டி பரீட்சைல 42 வந்திருக்கு. 45 வேணும். மூணு மார்க் போட மாட்டாங்களாண்ணா?" எனக்குப் பதில் தெரியல. நானும் அதுவரைக்கும் கிரேஸும் மாடரேஷனும் ஒண்ணுதான்னு நினைச்சிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் விதிகளை எடுத்துப் படிச்சேன். படிச்சதை இங்க ரெண்டு கணக்கா போட்டுக் காட்டுறேன். பேப்பர் பேனா எடுத்து நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க.

ரெண்டும் ஒண்ணு இல்ல

மாடரேஷன் என்பது பேப்பருக்குச் செய்யும் திருத்தம். கிரேஸ் என்பது ஆளுக்குச் செய்யும் உதவி. இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம்.

கேள்வித்தாள்ல சிலபஸ்ல இல்லாத கேள்வி வந்திருக்கலாம், கேள்வியே தப்பா அச்சாகி இருக்கலாம், இல்ல ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தினவர் மத்தவங்களைவிட ரொம்ப கறாரா இருந்திருக்கலாம். இதெல்லாம் மாணவனோட தப்பு இல்ல, அளவுகோலோட தப்பு. அந்த அளவுகோலைச் சரி பண்றதுதான் மாடரேஷன். அதனால அது ரிசல்ட் வெளியாவதற்கு முன்னாடியே முடிவாகும். அந்தப் பேப்பரையோ அந்தக் கட்டையோ சேர்ந்த எல்லாருக்கும் ஒரே மாதிரி போகும். 20 வாங்கினவனுக்கும் போகும், 90 வாங்கினவளுக்கும் போகும்.

கிரேஸ் அப்படி இல்ல. அளவுகோல் சரியாத்தான் இருக்கு, ஆனா மாணவன் கோட்டுக்கு ஒண்ணு ரெண்டு மார்க் கீழ நிக்கிறான். அவனை மட்டும் கை கொடுத்து கோட்டு மேல ஏத்துறதுதான் கிரேஸ். கோட்டைத் தாண்டினவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. கோட்டிலிருந்து ரொம்பக் கீழ இருக்கிறவங்களுக்கும் ஒண்ணும் கிடையாது.

மாடரேஷனைப் பத்தி உச்ச நீதிமன்றமே விளக்கமா எழுதி இருக்கு. சஞ்சய் சிங் எதிர் உத்தரப் பிரதேச அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்ற வழக்குல 2007-ல வந்த தீர்ப்பு. அங்க சிவில் நீதிபதி தேர்வுக்கு எல்லாரும் ஒரே கட்டாயப் பாடங்களை எழுதினாங்க, திருத்தினவங்க பல பேர். ஆளுக்கு ஆள் திருத்தும் விதம் மாறுதேன்னு தேர்வாணையம் புள்ளியியல் முறையில ஸ்கேலிங் பண்ணுச்சு. எல்லாரும் ஒரே பாடத்தை எழுதும்போது அதுக்கு ஸ்கேலிங் சரியான மருந்து இல்ல, மாடரேஷன்தான் சரின்னு நீதிமன்றம் சொல்லிச்சு. ஸ்கேலிங் எங்க பொருந்தும்னா, ஒருத்தர் வரலாறும் இன்னொருத்தர் கணிதமும் விருப்பப் பாடமா எடுக்கிற மாதிரி பாடமே வேறயா இருக்கிற இடத்துல.

மாடரேஷனோட படிகள் இப்படிப் போகும். முதல்ல திருத்துறவங்க எல்லாரையும் உட்கார வெச்சு, மாதிரி விடைகளைப் பேசி, எந்த வரிக்கு எத்தனை மார்க்னு ஒத்துக்குவாங்க. திருத்த ஆரம்பிச்சதும் தலைமைத் தேர்வாளர் ஒவ்வொருத்தர் கட்டிலிருந்தும் சில விடைத்தாள்களை எடுத்து மறுபடி பார்ப்பார். ஒருத்தர் எல்லாத் தாளிலும் சீரா நாலு மார்க் குறைச்சுப் போடுறார்னு தெரிஞ்சா, அந்தக் கட்டுக்கு மட்டும் நாலு கூட்டலாம். தாராளமா போட்டிருந்தா குறைக்கவும் செய்யலாம். ஆமா, மாடரேஷன்ல மார்க் குறையவும் வாய்ப்பு உண்டு! கிரேஸ்ல அது நடக்கவே நடக்காது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. "சீரா" என்ற வார்த்தை முக்கியம். ஒருத்தர் சுமாரான விடைகளுக்கு மட்டும் கறாரா இருந்து, நல்ல விடைகளுக்குச் சரியா போட்டிருந்தா, கட்டு முழுக்க நாலு கூட்டுறது தப்பா போகும். 40 வாங்க வேண்டியவன் 36-லிருந்து 40-க்கு வருவான், அது நியாயம். ஆனா நியாயமா 85 வாங்கினவ 89 ஆயிடுவா. அந்த மாதிரி நேரத்துல எண்ணைக் கூட்டுறது வழி இல்ல. கட்டையே வேற ஒருத்தர் மறுபடி திருத்தணும்.

கணக்கு 1: எல்லாருக்கும் மூணு, ஆனா லாபம் எல்லாருக்கும் இல்ல

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. விதி மட்டும் நிஜம்: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை, தியரி பேப்பர். இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் பரீட்சைக்கு 60. பரீட்சை 100-க்கு நடக்கும், அதை 60-க்கு மாத்துவாங்க. பாஸ் ஆக ரெண்டு கோடு தாண்டணும். பரீட்சையில் குறைஞ்சது 45 சதவீதம், மொத்தத்தில் குறைஞ்சது 50 சதவீதம்.

ஒரு பேப்பர்ல மூணு மார்க் கேள்வி ஒண்ணு தப்பா வந்துடுச்சு, எல்லாருக்கும் பரீட்சை மார்க்கில் மூணு கூட்டுறாங்கன்னு வெச்சுக்குவோம். மூணு பேரைப் பார்க்கலாம்.

பிரியாவுக்கு இன்டர்னல் 30, பரீட்சை 42. 42-ஐ 60-க்கு மாத்தினா 25.2. மொத்தம் 55.2. ஐம்பதைத் தாண்டிட்டா, ஆனா 45 என்ற முதல் கோட்டைத் தாண்டல. அதனால் அரியர். மூணு கூட்டினதும் பரீட்சை 45, அது 27 ஆகுது, மொத்தம் 57. நிலையான கிரேடு அட்டவணைப்படி பி கிரேடு, ஆறு புள்ளி. பூஜ்ஜியத்திலிருந்து ஆறுக்கு ஒரே தாவல்.

கார்த்திக்குக்கு இன்டர்னல் 34, பரீட்சை 60. அது 36 ஆகுது, மொத்தம் சரியா 70. அந்த அட்டவணைப்படி 61 முதல் 70 வரை பி பிளஸ், ஏழு புள்ளி. மூணு கூட்டினதும் பரீட்சை 63, அது 37.8, மொத்தம் 71.8. இப்போ ஏ கிரேடு, எட்டு புள்ளி.

திவ்யாவுக்கு இன்டர்னல் 38, பரீட்சை 75. அது 45, மொத்தம் 83, ஏ பிளஸ். மூணு கூட்டினா 84.8. அப்பவும் ஏ பிளஸ்தான். ஒண்ணும் மாறல.

கவனிங்க. மூணு பேருக்கும் கிடைச்சது அதே மூணு மார்க்தான், 60-க்கு மாத்தினா அதே 1.8 தான். மார்க் வரிசையும் மாறல: முன்னாடியும் திவ்யா, கார்த்திக், பிரியா, பின்னாடியும் அதே. ஆனா நம்ம ரேங்க் மார்க்கை வெச்சு இல்ல, கிரேடு புள்ளியை வெச்சுத்தானே? அங்கதான் விஷயம் மாறுது.

கார்த்திக்கோட அந்தப் பேப்பர் நாலு கிரெடிட், செமஸ்டர் மொத்தம் 20 கிரெடிட்னு வெச்சுக்குங்க. ஒரு புள்ளி கூடினா நாலு கிரெடிட்டுக்கு நாலு, அதை 20-ஆல் வகுத்தா 0.2. முன்னாடி அவனோட ஜிபிஏ 8.05. பக்கத்து பெஞ்ச் நண்பன் ஒருத்தன் 8.10-ல இருந்தான், அதே பேப்பர்ல திவ்யா மாதிரி கிரேடு நடுவுல நின்னதால அவனுக்கு எதுவும் கூடல. இப்போ கார்த்திக் 8.25. ரேங்க் மாறிடுச்சு. யாரும் யாருக்கும் சலுகை காட்டல, ஆனாலும் மாறிடுச்சு. காரணம், கோட்டுக்குப் பக்கத்துல கார்த்திக் நின்னான், அவன் நண்பன் நிக்கல.

"எல்லாருக்கும்தானே போட்டாங்க, அப்போ ரேங்க் எப்படி மாறும்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். மேல் முனையில இன்னொண்ணும் நடக்கும். 97 வாங்கினவ 100 ஆவா, 99 வாங்கினவளும் 100-தான் ஆக முடியும். ரெண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் காணாம போயிடும்.

ஜூனியர் தம்பியோட 42 என்ன ஆகும்? அந்தப் பேப்பருக்கு மாடரேஷன் ஏற்கெனவே முடிவாகி, அதைச் சேர்த்துத்தான் 42 வந்திருக்கும். ரிசல்ட் வந்தப்புறம் அவனுக்காக மட்டும் மூணு கூட்டச் சொல்லிக் கேட்டா, அவன் கேட்கிறது மாடரேஷன் இல்ல, கிரேஸ். அதுக்குத் தனி விதி இருந்தாத்தான் கிடைக்கும்.

கணக்கு 2: கிரேஸ் விதி எப்படி வேலை செய்யுது

கிரேஸை எழுத்துல வெளிப்படையா வெச்சிருக்கிற நல்ல உதாரணம் மும்பை பல்கலைக்கழகம். அங்க 5042-ஏ, 5043-ஏ, 5045-ஏ என்ற எண்கள்ல தனித்தனி விதிகள் இருக்கு. (நம்ம ஊருக்கு இந்த விதி பொருந்தாது, குழப்பிக்காதீங்க.)

முதல் விதி 5042-ஏ. ஃபெயிலான பேப்பர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு உச்சவரம்பு. 50 மார்க் வரை உள்ள பேப்பருக்கு ரெண்டு மார்க், 51 முதல் 100 வரை உள்ள பேப்பருக்கு மூணு மார்க், இப்படி ஏறிட்டே போகும். எல்லாப் பேப்பரும் சேர்த்துக் கொடுக்கிற கிரேஸ், அந்தப் பரீட்சையின் மொத்த மார்க்கில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதுக்கு மேல ஒரு நிபந்தனை இருக்கு, அதுதான் உயிர்நாடி: இந்த கிரேஸைக் கொடுத்தா மாணவன் அந்தப் பரீட்சை முழுக்கவும் பாஸ் ஆகணும். ஆகலன்னா ஒரு மார்க்கும் கிடையாது.

இரண்டாவது விதி 5045-ஏ. ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் ஃபெயிலாகி, மத்ததெல்லாம் பாஸ் ஆனவருக்கு. குறையும் மார்க்கை, மொத்த மார்க்கில் ஒரு சதவீதம் அல்லது அந்தப் பேப்பரின் பத்து சதவீதம், இதுல எது குறைவோ அதுவரை மன்னிக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பத்து மார்க்குக்கு மேல போகக் கூடாது.

கணக்கை எளிமையாக்க, ஆறு பேப்பர், ஒவ்வொண்ணும் 100, பாஸ் மார்க் 40 என்று வெச்சுக்குவோம். மொத்தம் 600, ஒரு சதவீதம் ஆறு மார்க். நாலு பேர், எல்லாரும் கற்பனை.

சமீர் ரெண்டு பேப்பர்ல 38, 37. குறைவு ரெண்டு, மூணு. எதுவும் மூணைத் தாண்டல, கூட்டினா அஞ்சு, ஆறுக்குள்ள. எல்லாம் பாஸ்.

நேஹா மூணு பேப்பர்ல 37, 37, 39. குறைவு மூணு, மூணு, ஒண்ணு. தனித்தனியா பார்த்தா எல்லாம் வரம்புக்குள்ள. கூட்டினா ஏழு, ஆறைத் தாண்டிடுச்சு. "சரி, ரெண்டு பேப்பருக்காவது கொடுங்க"ன்னு கேட்க முடியாது, ஏன்னா அப்பவும் முழுப் பரீட்சை பாஸ் ஆகாது. அதனால 39 வாங்கின பேப்பருக்கு அந்த ஒரு மார்க்கும் கிடைக்காது. மூணு பேப்பரும் திரும்ப எழுதணும்.

ரோஹன் ஒரே பேப்பர்ல 34. குறைவு ஆறு. முதல் விதிப்படி மூணுதான் கிடைக்கும், போதாது. ஆனா ஒரே பேப்பர்தான் ஃபெயில், அதனால இரண்டாவது விதி. ஒரு சதவீதம் ஆறு, பேப்பரின் பத்து சதவீதம் பத்து, குறைவானது ஆறு. 34 வாங்கின ரோஹன் பாஸ்.

பூஜா ரெண்டு பேப்பர்ல 36, 39. மொத்தக் குறைவு அஞ்சுதான், ரோஹனைவிட ஒண்ணு கம்மி. ஆனா 36-க்கு நாலு வேணும், முதல் விதி மூணுக்கு மேல தராது. ரெண்டு பேப்பர் ஃபெயில், அதனால இரண்டாவது விதி தொடவே தொடாது. ரெண்டிலும் அரியர்.

இப்போ ஹாஸ்டல் சண்டையை நினைச்சுப் பாருங்க. பூஜா சொல்லுவா, "ரோஹனுக்கு 34, எனக்கு 36-உம் 39-உம். அவன் பாஸ், நான் ஃபெயில். இது என்ன நியாயம்?" கணக்குல தப்பு எதுவும் இல்ல. விதி மொத்தக் குறைவைப் பார்க்கல, குறைவு எத்தனை இடத்துல சிதறி இருக்குன்னு பார்க்குது. ஒரு பாடத்துல சறுக்கினவனை ஒரு மாதிரியும், ரெண்டு பாடத்துல சறுக்கினவளை வேற மாதிரியும் நடத்துது. பிடிக்குதோ இல்லையோ, தேர்வுத் துறையில ஒருத்தர் மனசு வெச்சதால நடந்தது இல்ல இது. இரக்கமும் சூத்திரமாத்தான் எழுதி இருக்கு.

மூணாவது விதி 5043-ஏ, இது வகுப்புக்கு. கிரேஸோ மன்னிப்போ எதுவும் வாங்காம எல்லாப் பேப்பரும் பாஸ் ஆனவர், அடுத்த வகுப்புக்கு ஒரு சதவீதம் அல்லது பத்து மார்க், எது குறைவோ அதுக்குள்ள குறைஞ்சா, அதைக் கொடுத்து ஏத்திடுவாங்க. நம்ம 600 மார்க் கணக்குல முதல் வகுப்புக்கு 360 வேணும். 354 வாங்கி எல்லாத்திலும் சொந்தமா பாஸ் ஆன ஆதித்யாவுக்கு ஆறு மார்க் கிடைச்சு 360, முதல் வகுப்பு. 358 வாங்கின கவிதாவுக்கு ஒரு பேப்பர்ல 39, அதுக்கு ஒரு மார்க் கிரேஸ் வாங்கி 359. ஏற்கெனவே கிரேஸ் வாங்கிட்டதால இந்த விதி அவளுக்கு இல்ல. 359-ல நின்னுட்டா, முதல் வகுப்பு இல்ல. சொந்த மார்க்கில் நாலு அதிகம் வாங்கினவ ஒரு படி கீழ.

மார்க்கைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மும்பை மாதிரி இடங்கள்ல கிரேஸ் வாங்கின மார்க் பக்கத்துல `@` அல்லது `*` மாதிரி குறி போட்டிருப்பாங்க. குறி இல்லாத இடத்துல மார்க்கின் பரவலைப் பார்க்கணும். ஒரு பேப்பரோட எல்லா மார்க்கும் கையில இருந்தா இந்த நாலு வரி போதும்:

```python
from collections import Counter
c = Counter(marks)
for m in range(36, 51):
    print(m, "#" * c[m])
```

பாஸ் மார்க் 45-னா, கிரேஸ் போட்ட பேப்பர்ல 42, 43, 44 காலியா இருக்கும், 45-ல ஒரு குவியல் நிக்கும். நாலு விதமான மார்க் ஒரே மார்க்கா நசுங்கினதோட தடம் அது. எல்லாருக்கும் சமமா கூட்டின மாடரேஷன்ல இந்தப் பள்ளம் வராது. மொத்தப் பரவலும் வலது பக்கம் நகர்ந்திருக்கும், 100-ல மட்டும் கொஞ்சம் குவிஞ்சிருக்கும்.

இது நிஜமாவே நடந்த வேலைதான். 2013-ல கார்னெல் பல்கலைக்கழக மாணவரா இருந்த தேபர்க்யா தாஸ், ஐசிஎஸ்இ, ஐஎஸ்சி ரிசல்ட்டை இணையத்திலிருந்து மொத்தமா எடுத்து வரைபடம் போட்டார். அப்போ பத்தாம் வகுப்புல பாஸ் மார்க் 35-ஆ இருந்துச்சு. அதுக்குச் சரியா கீழ உள்ள 32, 33, 34 ஒருத்தருக்கும் வரல. அது மட்டுமில்ல, நடுவுல பல மார்க்குகளும் யாருக்குமே வரல. முதல் பள்ளம் பாஸ் கோட்டுக்குக் கீழ வர்றது கிரேஸ் மாதிரி தெரியுது. நடுவுல வர்ற பள்ளங்களை கிரேஸால விளக்க முடியாது, மார்க்கை வேற ஏதோ ஒரு அட்டவணைப்படி மாத்தி இருந்தாத்தான் அப்படி வரும். பள்ளம் எங்க இருக்குன்னு பார்த்தா என்ன செஞ்சாங்கன்னு ஊகிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்க வகுப்பு 60 பேரை மட்டும் வெச்சு இதைப் போட்டா எதுவும் நிரூபணம் ஆகாது. 60 பேர்ல 43 யாருக்கும் வராம போறது சாதாரணம். ஆயிரக்கணக்கான மார்க் இருந்தாத்தான் பள்ளம் பள்ளம்.

தம்பிக்குச் சொன்னது

கடைசியா அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்னா, மூணு வாசல் இருக்கு, மூணும் வேற வேற நேரத்துல திறக்கும். கேள்வித்தாள்ல தப்பு இருந்தா, பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே கேள்வி எண்ணோட, சிலபஸ் பக்கத்தோட, ஹெச்ஓடி வழியா எழுதிக் கொடுக்கணும். திருத்தி முடிச்சு ரிசல்ட் வந்தப்புறம் அந்த வாசல் மூடிடும். ரிசல்ட் வந்தப்புறம் இருக்கிற வாசல் விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும். அங்க "மூணு மார்க்தான் சார்"ங்கிற பேச்சு எடுபடாது. எந்தக் கேள்வியில எந்தப் படிக்கு மார்க் விட்டுப் போச்சுன்னு காட்டணும். மூணாவது வாசல் கிரேஸ். விதி இருந்தா நீங்க கேட்காமலே கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பாங்க, விதி இல்லன்னா கேட்டும் கிடைக்காது.

தம்பி நகல் வாங்கினான். பதினாறு மார்க் கேள்வி ஒண்ணுல கடைசிப் பக்கத்தைத் திருத்தாம விட்டிருந்தாங்க. மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கான், ரிசல்ட் இன்னும் வரல. இந்த தடவை வாட்ஸ்ஆப்ல "அஞ்சு மார்க் கிரேஸ் கன்ஃபர்ம்டு"ன்னு மெசேஜ் வந்தப்போ, முதல் ஆளா அவன்தான் பதில் போட்டான்: "எந்த விதி எண்ணுன்னு சொல்லுங்கண்ணா."